மீன் நாற்பத்தோராவது விநாடியில் வந்தது: வீடியோவின் முதல் முப்பது விநாடி பற்றிய கேள்விகள்

"எல்லாரும் முப்பது விநாடி, முப்பது விநாடி என்கிறார்கள். ஏன் இருபது இல்லை, நாற்பது இல்லை?"

அது யூடியூப் ஸ்டுடியோ வைத்திருக்கும் அளவுகோல், அவ்வளவுதான். ஒரு வீடியோவைத் திறந்து Analytics பக்கத்துக்குப் போனால், ஒவ்வொரு விநாடியிலும் எத்தனை பேர் மிச்சம் என்று காட்டும் ரிடென்ஷன் கோடு இருக்கும். அதோடு Intro என்று ஒரு விழுக்காடும் காட்டும். தொடங்கி முப்பது விநாடி ஆனபோது நூற்றுக்கு எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அது. முப்பதாவது விநாடியில் பார்ப்பவர் தலைக்குள் எந்த மணியும் அடிப்பதில்லை. நான் எடிட் செய்த வீடியோக்களில் பெரிய இழப்பு முதல் பத்துப் பன்னிரண்டு விநாடியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. முப்பது என்பது சேதத்தை எண்ணிப் பார்க்கும் இடம்.

வீடியோ போட்ட அன்றே இந்த எண்ணைத் தேடாதீர்கள். கணக்கு வந்துசேர ஒன்றிரண்டு நாள் ஆகும்.

"எங்கள் சேனலில் 52 காட்டுகிறது. இது நல்லதா, கெட்டதா?"

தனியாக அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்டுடியோவே அதை உங்கள் சேனலின் அண்மைய வீடியோக்களில் ஏறக்குறைய அதே நீளமுள்ளவற்றோடு ஒப்பிட்டு, வழக்கத்தைவிட மேலா கீழா என்று காட்டும். அந்த ஒப்பீடு போதும். அடுத்த சேனல்காரர் 70 வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய தலைப்பு வேறு, வரும் கூட்டம் வேறு.

கூட்டம் எங்கிருந்து வருகிறது என்பது இந்த எண்ணை நிறையவே ஆட்டிவைக்கும். தேடி வந்தவருக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுப்பார். முகப்புப் பக்கத்தில் கண்ணில் பட்டுத் தொட்டவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. அப்புறம் நம் ஆட்களின் குடும்ப வாட்ஸ்அப் குழு. லிங்கைப் போட்டதும் சித்தப்பா தொடுவார், நம் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார், வெளியே வந்து கைகூப்பும் படம் ஒன்று அனுப்புவார். அன்பு உண்மைதான், ஆனால் ஏழு விநாடியில் போய்விட்டார். இப்படி நாற்பது பேர் வந்தால் சின்னச் சேனலின் Intro எண் தரைதட்டிவிடும். வீடியோவில் ஒரு தப்பும் இருக்காது.

இதற்கு நேரெதிரான மயக்கமும் உண்டு. முதல் இரண்டு நாள் சப்ஸ்கிரைபர்கள் பார்க்கிறார்கள், எண் உயரமாக இருக்கிறது. அப்புறம் யூடியூப் புதியவர்களிடம் காட்டத் தொடங்கியதும் எண் மெல்ல இறங்கும். அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. கூட்டம் மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. ரிடென்ஷன் பக்கத்திலேயே புதியவர், திரும்பி வந்தவர் என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. நான் புதியவர் கோட்டைத்தான் பார்ப்பேன்.

"கோடு கீழே போவது தெரிகிறது. எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

கோடு விழும் விதத்தைப் பாருங்கள். முதல் முப்பது விநாடியில் நான் மூன்று விதமாக விழக் கண்டிருக்கிறேன்.

முதலாவது, ஐந்து விநாடிக்குள் கிணற்றில் விழுந்த மாதிரி ஒரு வீழ்ச்சி. தம்ப்நெயிலைப் பார்த்து ஒன்றை எதிர்பார்த்து வந்தவர், திரையில் வேறொன்றைக் கண்டு திரும்பிவிட்டார். கொஞ்சம் வீழ்ச்சி எல்லா வீடியோவிலும் இருக்கும். கைதவறித் தொட்டவர்களும் அதில் அடக்கம். வழக்கமான வீடியோக்களைவிட அதிகமாக விழுந்தால்தான் கவலை. அப்போது சரிசெய்ய வேண்டியது முதல் ஷாட், அல்லது தம்ப்நெயில்.

இரண்டாவது, சறுக்குமரம். ஐந்திலிருந்து முப்பது வரை நிறுத்தமே இல்லாமல் ஒரே சரிவு. எந்த ஒரு நொடியும் குற்றவாளி இல்லை. அந்த நேரம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை, ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள்.

மூன்றாவது, படிக்கட்டு. சமமாக வந்துகொண்டிருந்த கோடு ஒரு குறிப்பிட்ட விநாடியில் மட்டும் ஒரு படி இறங்கும். இதுதான் கண்டுபிடிக்க எளிது. அந்த விநாடிக்குப் போய் வீடியோவைப் பாருங்கள். சேனல் லோகோவோ, திடீரென்று கிளம்பும் இசையோ, பெல் பட்டனை அழுத்தச் சொல்லும் வாசகமோ அங்கே கட்டாயம் உட்கார்ந்திருக்கும்.

கோடு ஏறும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரு விநாடியில் கோடு மேலே போனால், ஆட்கள் முந்தையதைத் தாண்டி அங்கே குதித்திருக்கிறார்கள், அல்லது அந்த இடத்தைத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதை அவர்களே விரலால் தொட்டுக் காட்டிய மாதிரி அது.

நான் இதைக் காகிதத்தில்தான் செய்வேன். இடப்பக்கம் விநாடி, நடுவில் விழுக்காடு, வலப்பக்கம் அந்த நேரத்தில் திரையில் என்ன இருந்தது, காதில் என்ன விழுந்தது. முப்பது விநாடிக்கு ஏழெட்டு வரி வரும். வலப்பக்கத்தை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

"ஒரு வீடியோவை எடுத்து முழுசாகப் பிரித்துக் காட்டுங்களேன்."

சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் ஒரு அக்காவின் சமையல் வீடியோ. தலைப்பு: 'மீன் தலைக் கறி, கவுச்சி வாடை இல்லாமல்'. தம்ப்நெயிலில் சட்டி நிறைய சிவந்த குழம்பு, நடுவில் முழு மீன் தலை. வீடியோ பதினோரு நிமிடம். சமையல் அருமை, சந்தேகமே இல்லை. அக்கா என்னைக் கூப்பிட்டபோது முப்பதாவது விநாடியில் 46 பேர்தான் மிச்சம். காகிதத்தில் எழுதியது இப்படி வந்தது.

0:00 முதல் 0:06 வரை சேனல் பெயர் சுழன்று வந்து நிற்கிறது, பின்னால் வீணை. முடியும்போது 79.
0:06 முதல் 0:14 வரை "வணக்கம் நண்பர்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க, நாங்களும் நல்லா இருக்கோம்."
0:14 முதல் 0:21 வரை சப்ஸ்கிரைப், பெல் பட்டன். முடியும்போது 55.
0:21 முதல் 0:34 வரை "இன்னைக்குக் காலையில தேக்கா போயிருந்தேன், ஞாயித்துக்கிழமைங்கிறதால செம கூட்டம்..." நடுவில் முப்பதைத் தாண்டும்போது 46.
0:34 முதல் தேவையான பொருள் பட்டியல்.
0:41இல் மீன் முதன்முதலாகத் திரையில் தெரிகிறது. அங்கே கோடு 51க்கு ஏறியிருக்கிறது.

அந்தக் கடைசி வரியை அக்காவிடம் காட்டினேன். "ஆளுங்க மீனைத் தேடித் தள்ளிட்டே வந்திருக்காங்க அக்கா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "வீணை போட நாலு நாள் ஆச்சுப்பா" என்றார்.

இனி, இதை எப்படிக் கட்டியிருக்கலாம் என்று பார்ப்போம். தலைப்பு இரண்டு வாக்குறுதி தருகிறது: மீன் தலைக் கறி, கவுச்சி இல்லாமல். கறி எல்லாச் சேனலிலும் கிடைக்கும்; கவுச்சிதான் இந்த வீடியோவுக்கே உரியது. அதனால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அக்கா எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் துழாவினால் நாலாவது நிமிடத்தில் ஒரு ஷாட் இருந்தது: செவுளை எடுத்த பிறகு, உள்ளே எலும்போடு ஒட்டியிருக்கும் கறுப்பு ரத்தத்தைக் கரண்டிக் காம்பால் சுரண்டுகிறார். பார்க்க அழகான காட்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணை எடுக்க முடியாது. நாங்கள் எழுதிய தொடக்கம் இது.

0:00 முதல் 0:05 வரை அந்தச் சுரண்டும் ஷாட், மிக அருகில். முதல் ஃப்ரேமிலிருந்தே குரல்: "கவுச்சி அடிக்கிறது இந்தக் கறுப்பு ரத்தத்தாலதான். எவ்வளவு மசாலா போட்டாலும் இது மறையாது."
0:05 முதல் 0:09 வரை கொதிக்கும் சட்டி, தம்ப்நெயிலில் இருந்த அதே சட்டி, வெண்டைக்காயும் கத்திரிக்காயும் மிதக்க. "இதை எடுத்துட்டா குழம்பு புளி வாசனையா இருக்கும்."
0:09 முதல் 0:17 வரை அக்காவின் முகம், கையில் மீன் தலை. "தேக்காவுல செதில் எடுத்துக் கொடுப்பாங்க, செவுள் எடுத்துக் கொடுப்பாங்க. இது நம்ம வேலை. வணக்கம், வாங்க, கழுவலாம்."
0:17 முதல் 0:30 வரை கழுவத் தொடங்கிவிட்டார். கல் உப்பு தேய்க்கிறார். "புளி எப்போ ஊத்தணும்ங்கிறதுல இன்னொரு தப்பு நடக்கும், அங்க வரும்போது சொல்றேன்."

முதல் ஐந்து விநாடி வந்தவருக்கு 'சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம்' என்று தெரியவைக்கிறது. அடுத்த நாலு, தம்ப்நெயில் பொய் சொல்லவில்லை என்று காட்டுகிறது. பதினேழாவது விநாடியில் வேலையே தொடங்கிவிட்டது. நிறையப் பேர் கோட்டை விடுவது இந்தக் கடைசி இடத்தில்தான். முப்பது விநாடியும் 'பார்க்கப்போகிறோம், சொல்லப்போகிறேன்' என்றே ஓடிவிடும். முன்னுரை எவ்வளவு சுவையாக இருந்தாலும் அது முன்னுரைதான்.

இந்த வீடியோ ஏற்கெனவே வெளிவந்துவிட்டதால், அடுத்து எடுத்த கணவாய் வறுவலை இதே மாதிரி கட்டினோம். முதல் ஷாட்டில் ஒரு துண்டு கணவாயை இரண்டு கையாலும் இழுக்கிறார், ரப்பர் மாதிரி நீள்கிறது. "இது நாலு நிமிஷம் கூடுதலா அடுப்புல இருந்தது." அதற்கு முப்பதாவது விநாடியில் 63. தலைப்பும் தம்ப்நெயிலும்கூட மாறியிருந்தன, ஆகவே பதினேழு புள்ளியும் தொடக்கத்தால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் லோகோ இருந்த ஆறாவது விநாடியில் இருந்த படிக்கட்டு இதில் இல்லை.

"வணக்கம் சொல்லாமல் ஆரம்பிப்பது மரியாதையாக இருக்குமா?"

மேலே பாருங்கள், அக்கா வணக்கம் சொல்கிறார். பதினேழாவது விநாடிக்குச் சற்று முன்னால், கையில் மீனோடு. வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்தி நலம் விசாரித்துக்கொண்டே இருப்பதில்லை. உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே கேட்கிறோம். அதே மரியாதைதான்.

வணக்கம் என்ற ஒரு சொல்லுக்கு அரை விநாடி போதும், அதனால் யாரும் ஓடுவதில்லை. அதன் பின்னால் வால்போல் வரும் 'எல்லாரும் எப்படி இருக்கீங்க, ரொம்ப நாளா வீடியோ போட முடியல, கொஞ்சம் உடம்பு சரியில்ல' என்பதுதான் ஆளை விரட்டுகிறது. பழைய சப்ஸ்கிரைபருக்கு அது பிடிக்கும், உண்மை. அவருக்காக அதைக் கடைசி நிமிடத்தில் வையுங்கள். அதுவரை இருப்பவர் அவர்தான்.

சப்ஸ்கிரைப் கேட்பதும் அப்படியே. ஒன்றும் கொடுப்பதற்கு முன்னால் கேட்டால் கிடைக்காது. ரத்தம் சுரண்டுவதைக் காட்டி முடித்த கையோடு ஒரு வரி சொன்னால் போதும்.

"முடிவை முதலிலேயே காட்டிவிட்டால் மிச்சத்தை யார் பார்ப்பார்கள்?"

என்ன வந்தது என்பதைக் காட்டலாம். எப்படி வந்தது என்பதைக் காட்டிவிட்டால்தான் ஆட்டம் முடிந்தது. குழம்புச் சட்டி தம்ப்நெயிலிலேயே இருக்கிறது, அதில் மறைக்க என்ன இருக்கிறது? சமையலும் பழுதுபார்ப்பும் கைவேலையும் எல்லாம் இப்படித்தான்: முடிவு தெரிந்தால் வழி தெரிந்துகொள்ள ஆசை கூடும்.

போட்டி, சோதனை, 'இரண்டில் எது சிறந்தது' வகை வீடியோக்கள் வேறு. இரண்டு பிராண்டு இட்லி மாவை ஒப்பிடுகிறீர்கள் என்றால் எது வென்றது என்பதுதான் முழு வீடியோவும். அங்கே முடிவைக் காட்டாதீர்கள். எதை வைத்து முடிவு செய்யப்போகிறீர்கள் என்பதைக் காட்டுங்கள்: இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு இட்லியையும் பிய்க்கும் கை, அதோடு வெட்டிவிடலாம்.

இன்னொரு வகை இருக்கிறது, ஒரே ஒரு விடைக்காகத் தேடி வருகிறவர்கள். மாவு எத்தனை மணி நேரம் புளிக்கவேண்டும் என்று தேடுகிறவரிடம் விடையை ஐந்து நிமிடம் இழுத்தடித்தால் கோபம்தான் வரும். விடையை முதல் பத்து விநாடியிலேயே சொல்லிவிட்டு, அது எப்போது பொய்க்கும் என்று தொடருங்கள். 'நம்ம ஊர் வெக்கைக்கு ராத்திரி வெளியே வைத்தால் காலையில் புளித்துப் பொங்கியிருக்கும், ஆனால் ஏர்கான் அறையில் வைத்தால் கதை வேறு.' சிலர் விடை கிடைத்ததும் போய்விடுவார்கள். போகட்டும்.

"நானும் முதலில் பத்து விநாடி டீசர் போடுகிறேன். அப்படியும் விழுகிறதே?"

டீசர் முடிந்ததும் என்ன வருகிறது? லோகோவா, 'வணக்கம் நண்பர்களே'வா? அப்படியென்றால் உங்கள் வீடியோ இரண்டு முறை தொடங்குகிறது. முதல் முறை நன்றாகவே தொடங்குகிறது. இரண்டாவது முறை தொடங்கும் அந்தத் தையலில் கோடு ஒரு படி இறங்கியிருக்கும். ஸ்டுடியோவில் பாருங்கள், துல்லியமாக அந்த விநாடியில் இருக்கும்.

தையல் தெரியாமல் செய்வதற்கு எளிய வழி, டீசரின் கடைசி வாக்கியத்தைப் பாதியில் விட்டு முதல் படியில் முடிப்பது. "இது ரப்பராகாம இருக்கணும்னா" என்பது டீசர் ஷாட்டில். "முதல்ல தோலை இப்படி உரிக்கணும்" என்பது அடுப்படி ஷாட்டில். நடுவில் இசை நிற்கவோ திரை கறுக்கவோ கூடாது. லோகோ கட்டாயம் வேண்டும் என்பவர்கள் அதை ஒரு மூலையில் சின்னதாக இரண்டு விநாடி மிதக்கவிடலாம்.

இன்னொரு குறை: பத்து விநாடிக்குள் எட்டு ஷாட்டை வெட்டி ஒட்டி, மேலே சினிமா இசை. படபடவென்று இருக்கும், ஒன்றும் மனத்தில் நிற்காது. இரண்டே ஷாட் போதும், ஆனால் அவை முழுசாக நடந்து முடியவேண்டும். சுரண்டத் தொடங்கிய கரண்டி சுரண்டி எடுக்கும்வரை வெட்டாதீர்கள்.

"நான் சமைக்கவில்லை, உட்கார்ந்து பேசுகிறேன். மத்திய சேம நிதி பற்றி. காட்ட என்ன இருக்கிறது?"

காட்டுவதற்குக் காகிதம் இருக்கிறது. பேச்சு வீடியோவில் நான் அதிகம் காணும் தொடக்கம் வரலாறு: 'மத்திய சேம நிதி 1955இல் தொடங்கப்பட்டது, அதன் நோக்கம்...' சரியான தகவல்தான். ஆனால் 54 வயதில், இரவு பத்து மணிக்கு, கவலையோடு அந்த வீடியோவைத் தொட்டவர் அதற்காக வரவில்லை.

அவர் கையில் இருக்கும் கேள்வியின் வடிவத்திலேயே தொடங்குங்கள். உதாரணமாக, 55 வயதாகும்போது சிறப்புக் கணக்கு மூடப்படும் என்ற மாற்றம் 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அதைப் பற்றிய வீடியோவென்றால் முதல் ஷாட் ஒரு மாதிரிக் கணக்கு அறிக்கை, எண்கள் கற்பனையானவை என்று மேலே எழுதி. சிறப்புக் கணக்கு வரியின்மேல் பேனா ஒரு கோடு போடுகிறது. "ஐம்பத்தஞ்சு வயசுல இந்த வரி இருக்காது. இதுல இருந்த பணம் ரெண்டு இடத்துக்குப் போகும்." பேனா ஓய்வுக்காலக் கணக்குக்கு ஓர் அம்பு, சாதாரணக் கணக்குக்கு ஓர் அம்பு போடுகிறது. "எது முதல்ல நிரம்பும்ங்கிறதுலதான் எல்லாருக்கும் குழப்பம்." இதற்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகும். அதன் பிறகு உங்கள் முகம் வரலாம்.

பேச்சில் வேகமும் ஒரு விஷயம். என் கணக்கில் நிதானமாகப் பேசினால் முப்பது விநாடிக்கு ஐம்பது, அறுபது தமிழ்ச் சொற்கள்தான் கொள்ளும். அதை எழுதி, ஒருமுறை சத்தமாகப் படித்து, கைப்பேசியில் நேரம் பாருங்கள். எழுதாமல் பேசுகிறவர்கள் முதல் வாக்கியத்துக்குள் நுழையவே பதினைந்து விநாடி எடுத்துக்கொள்வார்கள்.

"எம்ஆர்டியில் நிறையப் பேர் சத்தமில்லாமல்தானே பார்க்கிறார்கள்?"

ஆமாம். கைப்பேசியில் முகப்புப் பக்கத்தை உருட்டும்போதே வீடியோ ஓசையில்லாமல் தானாக ஓடத் தொடங்கும். அப்போது உங்கள் அழகான முதல் வாக்கியம் யார் காதிலும் விழாது. ஆகவே முதல் வாக்கியம் எழுத்தாகவும் திரையில் இருக்கட்டும்.

தமிழ்ச் சொல் நீளம் என்பதால் இங்கே சிக்கனம் வேண்டும். சொல்வதை அப்படியே எழுதினால் மூன்று வரி வந்து மீனையே மறைத்துவிடும். 'கவுச்சிக்குக் காரணம் இதுதான்' என்று எழுதி ரத்தத்தை நோக்கி ஓர் அம்புக்குறி போட்டால் போதும். நிதானமாக இரண்டு முறை படிக்கும் நேரம் அது திரையில் நிற்கவேண்டும். கீழ் ஓரத்தை யூடியூப் தன் கோட்டுக்கும் நேரத்துக்கும் எடுத்துக்கொள்ளும். எழுத்தை அதற்கு மேலே வையுங்கள். கணினித் திரையில் சரிபார்த்து ஏமாறாதீர்கள். கைப்பேசிக்கு அனுப்பி, கையை நீட்டிப் பிடித்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

சத்தத்தோடு பார்ப்பவருக்கு ஒரு வார்த்தை: பதிவின் தொடக்கத்தில் கேமரா பட்டனை அழுத்தும் 'டக்', மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைக்கும் ஓசை, பேசுவதற்கு முன் இழுக்கும் மூச்சு, எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். முதல் எழுத்தின் ஓசைக்கு நாலைந்து ஃப்ரேம் முன்னால் தொடங்கினால் போதும்.

"பார்ப்பவர்களில் பாதிப் பேர் தமிழ்நாடு. தேக்கா, வீவக என்றால் அவர்களுக்குப் புரியுமா? முதலிலேயே விளக்கிவிடலாமா?"

விளக்காதீர்கள். திரையின் ஓரத்தில் 'தேக்கா சந்தை, சிங்கப்பூர்' என்று இரண்டு விநாடி எழுதினால் வேலை முடிந்தது. புரியாத ஒரு பெயரால் யாரும் போவதில்லை, அதை விளக்கும் பதினைந்து விநாடியில்தான் போகிறார்கள். வெள்ளி என்று சொன்னால் சிலர் வெள்ளிக்கிழமையா, உலோகமா என்று ஒரு நொடி விழிப்பார்கள். விலை சொல்லும்போது திரையில் $ குறியைப் போட்டுவிடுங்கள்.

மீன் தலைக் கறிக்கு நல்ல கதை ஒன்று இருக்கிறது. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் 1949 வாக்கில் இங்கே தன் உணவகத்தில் அதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு இது புதுச் செய்தி, கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது சொல்லுங்கள். அப்போது திரையில் நடப்பதற்கு வேறொன்றும் இல்லை, பார்ப்பவரும் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது விநாடி எண் ஏறியது. ஆனால் பார்வைகள் ஏறவில்லையே?"

தொட்டு உள்ளே வந்தவரைத்தான் தொடக்கம் பிடித்து வைக்கும். தொடவே இல்லையென்றால் தலைப்பையும் தம்ப்நெயிலையும் பாருங்கள். சில சமயம் எண் ஏறுவதே கூட்டம் சுருங்கியதால் இருக்கும்: விசுவாசமான நூறு பேர் மட்டும் பார்த்தால் எந்தத் தொடக்கமும் நன்றாகத்தான் தெரியும்.

"ஏற்கெனவே போட்ட வீடியோவை என்ன செய்வது? அழித்துவிட்டுத் திரும்பப் போடவா?"

அழிக்க வேண்டாம். ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் Editor பக்கத்துக்குப் போய் Trim & cut எடுத்தால் தொடக்கத்தை வெட்டலாம். முகவரி, பார்வை எண்ணிக்கை, கருத்துகள் எல்லாம் அப்படியே இருக்கும். Save கொடுத்த பிறகு மாற்றம் தெரிய நேரம் பிடிக்கும். அதுவரை பழையதுதான் ஓடும். ஒரு லட்சத்துக்கு மேல் பார்வை போன வீடியோக்களுக்குக் கட்டுப்பாடு உண்டு.

இதில் வெட்டத்தான் முடியும், புது ஷாட்டைச் செருக முடியாது. ஆகவே நாலாவது நிமிடத்து ஷாட்டை முன்னால் கொண்டுவரும் வேலை இதில் நடக்காது. அக்காவின் மீன் வீடியோவில் முதல் 34 விநாடியை வெட்டினோம். இப்போது பொருள் பட்டியலில் தொடங்கி, ஏழாவது விநாடியில் மீன் வந்துவிடுகிறது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, முன்பைவிடத் தேவலை.

வெட்டுவதற்கு முன்னால் இரண்டைப் பாருங்கள். வெட்டிய பகுதியில் சொன்ன ஏதாவதொன்றைப் பின்னால் 'முன்னாடி சொன்ன மாதிரி' என்று குறிப்பிடுகிறீர்களா? விளக்கப் பகுதியில் நேரக் குறிப்புகள் எழுதியிருக்கிறீர்களா? எழுதியிருந்தால் எல்லாவற்றிலிருந்தும் 34 விநாடியைக் கழித்துத் திருத்துங்கள், முதலாவது மட்டும் 0:00 என்றே இருக்கவேண்டும். அக்கா இதை மறந்துவிட்டார். 'புளி ஊற்றுதல்' என்று தொட்டால் புளி கரைந்து குழம்போடு சேர்ந்த பிறகுதான் காட்சி தொடங்கியது. மூன்று நாள் கழித்து ஜோகூரிலிருந்து ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார்: "புளி எங்கக்கா?"